விடுப்பில் போகுமுன் எழுதிய மெயில்

பிரெஞ்சில் மெயில் அடிக்கும்போது கமலவேணியின் இடது கட்டைவிரல் ஆல்ட் பொத்தானை விட்டு எழுந்திருக்காது. ஆபீசில் இருந்தது சாதாரண இங்கிலீஷ் கீபோர்டு. பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் ஏறும் சாய்கோட்டுக்கும் கூரைக்கும் அதில் இடம் கிடையாது. ஆல்ட்டை அமுக்கிக்கொண்டு வலது கையால் எண்களைத் தட்டினால்தான் கோடு போட்ட எழுத்து திரையில் வந்து உட்காரும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று அவள் எங்கும் எழுதி ஒட்டி வைத்துக்கொண்டதில்லை. எழுத்து விழுந்ததும் முகவாய் லேசாக மேலே போய் இறங்கும், சோற்றில் கல் இருக்கிறதா என்று மென்று பார்க்கிறவள் மாதிரி. அடித்து முடித்தாலும் உடனே அனுப்பிவிட மாட்டாள். விரல்நுனியைத் திரையில் வைத்து, வரிவரியாக, சத்தம் வராமல் வாயசைத்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவாள். கீழே இரும்புக்கடையில் கம்பி இறக்குகிற சத்தத்தில் மாடியே அதிர்ந்தாலும் அந்த விரல் வரி மாறாது.

வில்லியனூர் கடைத்தெருவில் சௌந்தரராஜனின் இரும்புக்கடை மாடியில்தான் அவர்கள் சங்கம் இருந்தது. பிரான்சில் லியோன் நகரத்துச் சங்கம் ஒன்றின் கை இது. அங்கிருந்து வருஷா வருஷம் ஜனவரியில் இதய அறுவை டாக்டர்கள் கொஞ்சப் பேர் சென்னைக்கு வந்து, ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் தங்கி, இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஆபரேஷன் செய்துவிட்டுப் போவார்கள். வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, சோதனைகள் எடுத்து, ஃபைல் தயார் செய்து, பிரெஞ்சில் எழுதி அனுப்புவது இந்த மாடியின் வேலை.

மாடியில் மூன்று பேர். சௌந்தரராஜன் தலைவர். மாடியை வாடகையில்லாமல் கொடுத்தவர், நாலு பேர் மதிக்கிற வியாபாரி. கண்ணையன் வண்டி ஓட்டுவான், கிராமங்களுக்குப் போய் வருவான், ஸ்கேன் செய்வான், ஜெராக்ஸ் எடுப்பான். மற்றதெல்லாம் கமலவேணி. ஏம்பலத்தில் கரும்பு வைத்த குடும்பத்துப் பெண். காலேஜில் தமிழ் எடுத்தால் மார்க் வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு பிரெஞ்சு எடுத்தவள். அந்த பிரெஞ்சுதான் பிறகு அவளுக்குச் சோறு போட்டது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம், இரண்டு தடவை கலைந்து, மூன்றாவது தடவை ஆறு மாதம் தாண்டியபோது ரத்தம் பட்டது. கர்ப்பப்பையின் வாயை அடைத்த மாதிரி நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது, இனிமேல் படி ஏறக்கூடாது, பஸ் ஏறக்கூடாது, படுத்தே இருக்கணும் என்றார் டாக்டரம்மா. அது நவம்பர் தொடக்கம். ஜனவரிக் குழு வருவதற்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

"நாளைக்கு ஒரு நாள் போய் எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டு வந்துடறேன்" என்று புருஷன் உலகநாதனிடம் கெஞ்சி வாங்கிய ஒரு நாள் அது. அவனே ஆட்டோ வைத்துக் கூட்டிவந்து, கையைப் பிடித்து மாடி ஏற்றிவிட்டு, கீழே கடை வாசலில் காத்துக்கொண்டு நின்றான்.

அந்த வருஷத்து ஃபைல்களில் கமலவேணியின் மனசில் முள்ளாகக் கிடந்தது ஒன்றே ஒன்று. பாகூருக்கு அந்தப் பக்கம் கரும்பு வெட்டப் போகிற காசம்மாளின் மகள் தனக்கொடி. ஏழு வயசு. பிறவியிலேயே இதயத்தில் பெரிய ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அதிக ரத்தம் பாய்ந்து பாய்ந்து நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால் பிறகு ஓட்டையை மூடவே கூடாது, மூடினால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. போன வருஷம் வந்த பிரெஞ்சு டாக்டர் இதை அவளிடம் கையால் படம் போட்டுச் சொல்லியிருந்தார். இந்த ஜனவரி, இல்லாவிட்டால் எப்போதுமே இல்லை. ஆனால் பழைய எக்கோ படத்தை வைத்து அவர் கத்தியைத் தொடமாட்டார். புதிதாக எக்கோ எடுத்து, அழுத்தம் எவ்வளவு என்று நவம்பர் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பிள்ளைக்கு இடம் உண்டா என்று சொல்வார்.

கமலவேணி மெயிலை ஆரம்பித்தாள். லியோன் சங்கத்தின் காரியதரிசி மதாம் கொலேத்துக்கு. ஓய்வுபெற்ற நர்ஸ், எழுபது வயசுக்காரி, கடிகாரம் மாதிரிப் பெண்பிள்ளை. கமலவேணியும் அவளுக்கேற்ற மாதிரி எழுதினாள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விடுப்பு என்று முதல் வரியில். பிறகு வழக்கமான வாசகம்: பொந்தான் மோன் அப்சான்ஸ், நான் இல்லாத நாட்களில், எல்லா விஷயங்களுக்கும் பொறுப்பாக இருப்பவர்.

அங்கே நிறுத்தினாள். கண்ணையன் என்று அடித்தாள்.

கண்ணையனுக்கு பிரெஞ்சு தெரியாது. ஆனால் கொலேத் இரண்டு வரி இங்கிலீஷில் எழுதினால் அவனுக்குப் புரியும். ஆபீஸ் மெயிலைத் திறக்கத் தெரியும். எக்கோ ரிப்போர்ட்டை ஸ்கேன் பண்ணி இணைக்கத் தெரியும். வேறென்ன வேண்டும்.

பின்னால் கதர்ச் சட்டையின் கஞ்சி மொடமொடப்பு கேட்டது.

"இன்னாம்மா, பெரிய கடுதாசியா இருக்குது? ஒப்படைக்கிற கடுதாசியா?"

"ஆமாங்கய்யா. கொலேத்தம்மாவுக்கு."

சௌந்தரராஜன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "படி கேப்போம். தமிழ்ல படி. பிரான்சுல படிச்சீன்னா எனக்கு ரங்கோன் ரேடியோ கேட்ட மாதிரி இருக்கும்."

அவள் தேதிகளைச் சொன்னாள். அவசர விஷயங்களைச் சொன்னாள். ஒன்று, தனக்கொடியின் புது எக்கோ. செவ்வாய்க்கிழமை எடுக்கப்படும், வந்த உடனே அனுப்பப்படும். இரண்டு, சென்னையில் டாக்டர்கள் தங்க அறை. மூன்று, ரத்தம் கொடுப்பவர்கள் ஏற்பாடு.

"பொறுப்பு யாரு பேர்ல போட்டுருக்க?"

அவர் கேட்டவிதத்தில் அதட்டல் ஒன்றும் இல்லை. பந்தியில் எந்த இலையில் உட்காரலாம் என்று கேட்பது போலத்தான் கேட்டார். ஆனால் மாடி அவருடையது. சங்கத்தின் கடிதத்தாளில் மேலே இருக்கிற பெயர் அவருடையது. வண்டி ஓட்டுகிறவன் பெயரை எழுதி, அதை அவர் எதிரிலேயே வாய்விட்டுப் படிக்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

"உங்க பேர்தாங்கய்யா."

"அப்ப என்னாண்டதான் கேப்பாங்க?"

"ஆமாங்கய்யா. நீங்கதான ரெஸ்போன்சாபிள்."

"அதுவும் சரிதான்" என்றார். அந்த வார்த்தை அவருக்குப் பிடித்துப்போனது. ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "யோவ் கண்ணையா, கேட்டுக்கோ. இன்னியிலேர்ந்து நான்தான் ரெஸ்போன்சாபிள்."

கண்ணையன் கதவோரம் நின்று சிரித்தான். "அப்ப டீ நீங்கதான் வாங்கித் தரணும் முதலாளி."

அவர் எழுந்து போனபிறகு கமலவேணி கண்ணையனை அழித்துவிட்டு முசியே சௌந்தரராஜன் என்று அடித்தாள். பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெயர் மட்டும் போதாது, முகவரியும் வேண்டும். அவருக்கு ஒரு மெயில் முகவரி இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தலைவருக்கும் ஒன்று இருக்கட்டும் என்று கொலேத் கேட்டதற்காக அவளே உண்டாக்கியது, கடிதத்தாளில் அச்சடித்தது. அதற்கு வருவது வருஷத்தில் ஒரு புதுவருஷ வாழ்த்து. அதையும் அவள்தான் திறந்து, காகிதத்தில் எடுத்து, அவர் மேசையில் வைப்பாள். அவர் அதற்குள் ஒரு நாளும் நுழைந்ததில்லை. நுழைகிற ரகசியச் சொல்லை அவள் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

அந்த முகவரியைத்தான் அவள் அடித்தாள். விரல் நுனியை வைத்து வரிவரியாகப் படித்தாள். எல்லாக் கோடும் கூரையும் அதன் இடத்தில் இருந்தன. கீழேயிருந்து உலகநாதன் குரல் கொடுத்தான். அனுப்பினாள்.

இறங்கும்போது ஆபீஸ் மெயிலின் ரகசியச் சொல்லைக் கண்ணையனிடம் சொன்னாள். "தெனம் தொறந்து பாரு கண்ணையா. தனக்கொடி ரிப்போர்ட் வந்தா அய்யாகிட்ட குடு. கொலேத்தம்மா கேட்ட உடனே ஸ்கேன் பண்ணி அனுப்பிடு."

"நீ போய்ப் படும்மா. நாங்க இன்னா செத்தா போய்ட்டோம்?"

அவளுக்கு மனசு லேசானது. எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது.

ஏம்பலத்தில் அம்மா கனகாம்பாள் அவளுக்கு நடுக்கூடத்தில் கட்டில் போட்டாள். முதல் காரியமாக செல்போனை வாங்கி அணைத்து பீரோவில் வைத்தாள். "அதுலேர்ந்து கதிரு வருதாம், வயித்துப் புள்ளைக்கு ஆவாதாம். பேப்பர்ல போட்டுருக்கான்." துக்கச் செய்தி எதுவும் வாசல்படி தாண்டக்கூடாது என்பது அடுத்த சட்டம். தெருவில் ஒரு சாவு விழுந்தபோது பறைச்சத்தம் கேட்காமலிருக்க ரேடியோவை உரக்க வைத்தாள். பெரியப்பா மகனுக்கு விபத்து என்பது கமலவேணிக்குத் தெரிந்தபோது அவன் தையல் பிரித்து நடமாட ஆரம்பித்திருந்தான். இரண்டைப் பறிகொடுத்த வயிறு அது. மகளின் எதிரில் தும்மக்கூட கனகாம்பாள் யோசித்தாள்.

படுத்தபடியே கமலவேணி நாள் எண்ணினாள். இந்நேரம் எக்கோ எடுத்திருப்பார்கள். இந்நேரம் அனுப்பியிருப்பார்கள். இந்நேரம் பதில் வந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே மழை கரும்புத் தோட்டத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

மாடியில் நடந்ததை அவள் பிறகு கண்ணையன் வாயால்தான் தெரிந்துகொண்டாள்.

எக்கோ சொன்ன நாளில் எடுத்தார்கள். கண்ணையனே தாயையும் மகளையும் வண்டியில் கூட்டிப்போய் வந்தான். அழுத்தம் ஏறித்தான் இருந்தது, ஆனால் இன்னும் அந்த அளவைத் தாண்டவில்லை. ரிப்போர்ட்டை சௌந்தரராஜன் மேசையில் வைத்தான்.

"அனுப்பிடட்டுமா முதலாளி?"

சௌந்தரராஜன் யோசித்தார். பொறுப்பை முதல் தடவையாக எழுத்தில் ஏற்ற மனுஷர். வண்டிக்காரன் ஒரு பொத்தானைத் தட்டி அனுப்பினால் அது அனுப்பினதாகுமா? "நானே அனுப்பறேன்டா. பொறுப்பு எம்பேர்ல இருக்குது." ரிப்போர்ட்டை மூன்று பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு, சங்க முத்திரை குத்தி, தடித்த உறையில் வைத்து, மழையில் குடை பிடித்துக்கொண்டு வில்லியனூர் தபாலாபீசுக்குப் போய் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். ரசீதைக் கல்லாவில் பத்திரப்படுத்தினார். கண்ணையனுக்கு அன்றைக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

கண்ணையன் தினம் காலையில் ஆபீஸ் மெயிலைத் திறந்தான். ஒன்றும் இல்லை. மற்ற வருஷம் இந்த நேரத்தில் கொலேத்தம்மா ஒரு நாளைக்கு நாலு மெயில் போடுவாள்.

"அவங்களுக்கு இது நோயல், கிறிஸ்மஸ் பண்டிக சீசன்டா, லீவுல இருப்பாங்க" என்றார் சௌந்தரராஜன்.

"வேணிம்மாகிட்ட ஒரு வார்த்த கேக்கலாமா?"

"மாசமா இருக்கற பொண்ணு. நஞ்சு எறங்கிப் படுத்துருக்குது. இத போய் சொல்லி, அதுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? அந்தப் பாவம் எனக்கு வேணாம்பா."

கண்ணையனுக்கும் வேண்டாம். அவன் கேட்கவில்லை.

கமலவேணிக்கு ஜனவரி நடுவில் ஆண்பிள்ளை பிறந்தது, குறைமாதம், கிழித்துத்தான் எடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூச்சு விடப் பழக்கி, ஒரு கோழிக்குஞ்சு மாதிரி கையில் கொடுத்தார்கள். அப்போதும் அவள் கேட்டாள். பார்க்க வந்த உலகநாதனிடம், "தனக்கொடிக்கு ஆச்சா?" என்றாள். "எல்லாம் நல்லபடியா நடக்குதாம்" என்றான் அவன். அவன் யாரையும் கேட்டிருக்கவில்லை.

மாடிக்கு அவள் திரும்பி வந்தது ஏப்ரலில். கண்ணையன் எழுந்து நின்றான், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

"எத்தன புள்ளைங்களுக்கு ஆச்சு கண்ணையா?"

"நம்ம பக்கத்துல நாலு."

"தனக்கொடி?"

"சென்னை ஆஸ்பத்திரி லிஸ்ட்டுல பேரு வரலம்மா. முதலாளி அடுத்த வருஷம்னு சொல்லி அனுப்பிட்டாரு."

அவள் உட்கார்ந்தாள். ஆபீஸ் மெயிலைத் திறந்தாள். நவம்பரிலிருந்து அங்கே ஒன்றும் இல்லை. விளம்பரக் குப்பை மட்டும். கொலேத் அப்படி இருக்கமாட்டாளே என்று நினைத்துக்கொண்டே தான் அனுப்பிய மெயிலை எடுத்து மறுபடி படித்தாள். பொறுப்பாளர் பெயர். அதற்கடுத்து அந்த முகவரி.

அதற்குரிய ரகசியச் சொல்லை அடிக்கும்போது இரண்டு தடவை தப்பாக விழுந்தது.

திறக்கப்படாத மெயில்கள் தடித்த எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. முதலாவதில், மதாம் கமலவேணிக்கு நல்ல ஓய்வு கிடைக்கட்டும், அவரைத் தொந்தரவு செய்யமாட்டோம், இனி எல்லாம் உங்களுக்கே எழுதுகிறோம் என்று இருந்தது. அங்கே லீவு என்றால் லீவு. லீவில் போனவளுக்கு எழுதுவது மரியாதைக் குறைவு. அடுத்ததில், எக்கோ இன்னும் வரவில்லை, டாக்டர் காத்திருக்கிறார். அதற்கடுத்ததில், பிள்ளையின் நிலைமை மோசமாகிவிட்டதா, குடும்பம் பின்வாங்கிவிட்டதா, ஒரு வரியாவது எழுதுங்கள். கடைசியில், டிசம்பர் முதல் வெள்ளிக்குள் பதில் இல்லாவிட்டால், மிகுந்த வருத்தத்துடன், அந்த இடத்தைப் பட்டியலில் அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். தபாலில் போன உறை போய்ச் சேர்ந்ததாக ஜனவரியில் ஒரு வரி. அப்போது டாக்டர்கள் விமானம் ஏறிவிட்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்துக்கொண்டு கீழே போனாள். சௌந்தரராஜன் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். அவள் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கை தராசிலேயே நின்றுவிட்டது.

"எம்பேர்லயா வந்துது?"

"ஆமாங்கய்யா."

"நான் கம்ப்யூட்டர தொட்டதில்லன்னு உனக்குத் தெரியுமேம்மா."

"தெரியுங்கய்யா."

"அப்பறம் ஏம்மா எம்பேரப் போட்ட?"

அதில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கடைக்கு வந்த ஒருவன் அரை இஞ்சு ஸ்குரூ இருக்கா என்று கேட்டான். சௌந்தரராஜன் அவனைப் பார்க்காமலே இல்லை என்றார். அது அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே டப்பாவில் இருந்தது.

அந்த வாரமே கமலவேணி தனக்கொடியை எக்கோவுக்குக் கூட்டிப் போனாள். படி ஏறும்போது பிள்ளை பாதியில் குந்திவிட்டது. எழுந்தபோது உதட்டோரம் நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. ரிப்போர்ட்டை அன்றைக்கே ஸ்கேன் பண்ணி லியோனுக்கு அனுப்பினாள், இந்தத் தடவை டாக்டருக்கும் கொலேத்துக்கும் சேர்த்து. மறுநாளே பதில் வந்தது. சின்னப் பதில். ரத்தம் திசை மாறி ஓட ஆரம்பித்துவிட்டது, இனி மூடக்கூடாது, மருந்து மட்டும். கொலேத் தனியாக ஒரு மெயில் எழுதியிருந்தாள். நீங்கள் எழுதிய ஒப்படைப்பு மிகத் தெளிவாக இருந்தது, உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை என்று. கமலவேணி அதைப் படித்து முடிக்கவில்லை.

காசம்மாளிடம் சொல்ல அவளே போனாள். வெட்டிய கரும்பின் சோகைக்கு நடுவில் இரண்டு பேரும் நின்றார்கள். கமலவேணி நடந்ததை நடந்தபடி சொன்னாள். பெயரைப் போட்டதையும், எந்த முகவரி என்பதையும் சொன்னாள். காசம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"கம்ப்யூட்டரு சமாச்சாரம் எனக்கின்னாம்மா புரியும்" என்றாள். "மாத்திர எத்தினி நாளைக்கு?"

"இருக்கற வரைக்கும்."

"யாரு இருக்கற வரைக்கும்?"

காசம்மாள் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் கமலவேணி அந்த மாடியில் வேலை பார்த்தாள். பொறுப்பாளர் பெயர் எழுதுகிற இடத்தில் கண்ணையன் பெயரை அடித்தாள், சௌந்தரராஜன் கேட்கவில்லை. மாதா மாதம் தனக்கொடிக்கு மாத்திரை வாங்கி அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். காசம்மாள் வாங்கிக்கொள்வாள். உட்காரச் சொல்லமாட்டாள்.

மறு வருஷம் ஆடியில், பாகூர் பஸ் நிற்கிற இடத்தில், கைப்பிள்ளையும் கனகாம்பாளுமாக கமலவேணி நின்றிருந்தபோது எதிர்ச்சாரியில் காசம்மாள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். எட்டு வயசுப் பிள்ளை. கால்கள் அம்மாவின் முழங்காலைத் தாண்டித் தொங்கின. காசம்மாள் இவர்களைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

"இவளா" என்றாள் கனகாம்பாள், பேரனின் வாயைத் துடைத்தபடி. "இவ நம்ம வூட்டுக்கு வந்தாளே."

"எப்பம்மா?"

"நீ படுத்துருந்தல்ல, அப்ப. கார்த்திக தீபத்துக்கு முன்னால. மழையில ரெண்டு பஸ் மாறி வந்தாளாம், இந்தப் பொண்ணையும் இட்டுக்கினு. படம் புடிச்சி நாளாச்சு, பதிலே வரல, வேணிம்மாவுக்குத்தான் தெரியும், ஒரு வார்த்த கேட்டுட்டுப் போய்டறேன்னா. அந்தப் பொண்ணு வாசல்ல குந்திக்கினு மூச்சு வாங்குச்சு. மாசமா இருக்கறவ கண்ணுல இதெல்லாம் படக்கூடாதுன்னு, நீ தூங்கறேன்னு சொல்லி, ஆளுக்கு ஒரு சொம்பு மோர் குடுத்து அனுப்பிச்சேன். நீ முழிச்சிக்கினுதான் இருந்த."